கேஸ் ஸ்டடி, எழுத்துத் தேர்வு: எவ்வளவு, எந்த வடிவம் என்று ரெக்ரூட்டரிடம் முன்கூட்டியே கேட்பது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“அடுத்த வாரம் கேஸ் ஸ்டடி ரவுண்டு இருக்கும்” என்று ஒரே வரியில் மெயில் வந்திருக்கிறது. எவ்வளவு பெரியது, எப்படி இருக்கும் என்று கேட்டால் தப்பாக நினைப்பார்களா?

நினைக்க மாட்டார்கள். அளவும் வடிவமும் வினாத்தாளின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய விவரங்கள். “நேரம்: 2 மணி, மதிப்பெண்: 50” என்று அச்சிடாத வினாத்தாளைப் பார்த்து மாணவர் கை தூக்கினால் யாரும் குறை சொல்வதில்லை. இதுவும் அப்படித்தான்.

அந்த மெயில் ஏன் அவ்வளவு சுருக்கமாக வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான இடங்களில் தேர்வை அமைப்பவர் ரெக்ரூட்டர் அல்லர். ஆள் தேவைப்படும் குழுவின் மேலாளர், அதாவது ஹையரிங் மேனேஜர், அல்லது அந்தக் குழுவில் ஒருவர் அதைத் தயாரிக்கிறார். ரெக்ரூட்டரின் காலண்டரில் “கேஸ் ஸ்டடி, 60 நிமிடம்” என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. ஆட்களை நிறுவனத்துக்கு அனுப்பும் ஏஜென்சியின் ரெக்ரூட்டர் என்றால் அதுகூட இருக்காது. எனவே உங்கள் கேள்வியை அவர் பெரும்பாலும் அப்படியே இன்னொருவருக்கு ஃபார்வர்டு செய்வார். இந்தப் பக்கத்தில் வரும் யோசனைகள் எல்லாம் அந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கின்றன: மாற்றி எழுதாமல் ஃபார்வர்டு செய்யக்கூடிய கேள்வி, ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி.

கேட்க நிறைய இருக்கிறது. எதை முதலில் கேட்பது?

வீட்டிலிருந்து செய்து அனுப்புவதா, நேரில் அல்லது வீடியோ காலில் அவர்கள் முன்னிலையில் செய்வதா என்பதுதான் முதல் கேள்வி. “கேஸ் ஸ்டடி” என்ற ஒரே சொல் அடியோடு வேறுபட்ட மூன்று விஷயங்களைக் குறிக்கிறது.

ஒன்று, நேரலைக் கேஸ். ஆலோசனை நிறுவனங்களில் இதுதான் வழக்கம். அரை மணி நேரத்தை ஒட்டி ஒரு வணிகச் சிக்கலைப் பேசிப் பேசியே அவிழ்க்க வேண்டும். எதையும் எழுதித் தரத் தேவையில்லை. இதிலும் இரண்டு பாணி உண்டு. நேர்காணல் செய்பவரே அடுத்தடுத்த கேள்வியைப் போட்டு நடத்திச் செல்வது ஒன்று. மெக்கின்சியின் பாணியாக இது பரவலாக அறியப்பட்டது. நீங்களே போக்கைத் தீர்மானித்து, தேவையான தகவலைக் கேட்டு வாங்கி முடிவுக்குக் கொண்டுபோவது மற்றொன்று. இரண்டுக்கும் பயிற்சி வேறு என்பதால், நேரலை என்று தெரிந்ததும் “எந்தப் பாணி?” என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டு, வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் கேஸ். ஒரு குறிப்பும் தரவும் வரும். இரண்டு மூன்று நாளில் அறிக்கையாகவோ ஸ்லைடுகளாகவோ அனுப்பி, பிறகு பேனல் முன்பு விளக்க வேண்டியிருக்கும்.

மூன்று, நீங்கள் ஏற்கெனவே செய்த வேலையை ஒரு கேஸ் ஸ்டடியாகச் சொல்வது. வடிவமைப்பு, புராடக்ட் வேலைகளில் இது அதிகம். இதில் புதிதாக எதையும் தீர்க்க வேண்டியதில்லை. இதை இரண்டாவது வகை என்று எண்ணிக்கொண்டு குறிப்பு வரும் வரும் என்று கடைசி நாள்வரை காத்திருந்துவிடுவது உண்டு.

எழுத்துத் தேர்விலும் இதே பிரிவு இருக்கிறது: கடிகாரம் ஓட ஓட எழுதுவது, கெடு தேதிக்குள் வீட்டில் எழுதுவது. முதல் கேள்விக்குப் பதில் தெரியாமல் “எத்தனை பக்கம்?” என்று கேட்டால் வரும் பதில் உங்களுக்கு உதவாது.

மெயிலில் எப்படி எழுத வேண்டும்? ஒரு மாதிரி தர முடியுமா?

நான்கு கேள்விக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றிலும் உங்கள் ஊகத்தையும் சேர்த்தே எழுதுங்கள். எழுத்துத் தேர்வுக்கான மாதிரி இது:

> சப்ஜெக்ட்: வியாழன் எழுத்துத் தேர்வு – 4 சிறு விவரங்கள்
>
> வணக்கம்.
>
> வியாழக்கிழமை எழுத்துத் தேர்வு குறித்துத் தெரிவித்ததற்கு நன்றி. திட்டமிட்டுக்கொள்ளக் கீழ்க்கண்ட விவரங்களை உறுதிப்படுத்த இயலுமா? தேவைப்பட்டால் இதைத் தேர்வு அமைக்கும் குழுவுக்கு அப்படியே அனுப்பலாம்.
>
> 1. இது வீட்டிலிருந்து எழுதி அனுப்புவது என்று எடுத்துக்கொள்கிறேன். அல்லது குறித்த நேரத்தில் ஆன்லைனில் எழுதுவதா?
> 2. அளவு: 600 முதல் 800 சொற்கள் வரை எழுதலாம் என்று நினைக்கிறேன். சரியா?
> 3. வடிவம்: ஒரே பிடிஎஃப் கோப்பாக அனுப்பலாமா?
> 4. படிப்பவர் யார்? குழுவினர் மட்டுமா, அல்லது வாடிக்கையாளருக்கு எழுதுவதுபோல் எழுத வேண்டுமா?
>
> தேர்வு எழுதுவதில் எனக்குச் சிக்கல் எதுவும் இல்லை. விவரம் கிடைத்தால் அதற்கேற்ப நேரம் ஒதுக்கிக்கொள்வேன்.
>
> நன்றி.

ஊகத்தைச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. “எத்தனை சொற்கள்?” என்று மொட்டையாகக் கேட்டால், அதுவரை யாரும் முடிவு செய்திராத ஒன்றை ரெக்ரூட்டர் போய்க் கேட்டு முடிவு செய்துவர வேண்டும். “600 முதல் 800, சரியா?” என்று கேட்டால் “சரி” அல்லது “இல்லை, 500 போதும்” என்று ஃபோனில் இருந்தே தட்டிவிடலாம். பதில் வராமல் போனாலும் நீங்கள் எந்த அளவை எடுத்துக்கொண்டீர்கள் என்பது எழுத்தில் இருக்கிறது.

நான்காவது கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது அளவுக் கேள்வியின் இன்னொரு முகம்தான். துறை தெரிந்தவர் படிக்கிறார் என்றால் விளக்க வேண்டிய சொற்கள் குறையும். 800 சொல்லில் வாதத்துக்கு நிறைய இடம் கிடைக்கும். பொதுவாசகருக்கு என்றால் அந்த 800-இல் ஒரு நல்ல பங்கு அடிப்படையை விளக்குவதிலேயே போய்விடும்.

“மன்னிக்கவும், தொந்தரவுக்கு வருந்துகிறேன்” என்று தொடங்க வேண்டாம். மன்னிப்புக் கேட்க இதில் ஒன்றுமில்லை. சப்ஜெக்டில் எண்ணிக்கையைப் போட்டால், சிறிய வேலைதான் என்று தெரிந்து ரெக்ரூட்டர் உடனே திறப்பார்.

எப்போது கேட்பது? ஃபோனில் கேட்கலாமா?

தேர்வு உண்டு என்று தெரிந்த அன்றே, அல்லது மறுநாள். ரெக்ரூட்டருடன் முதல் அழைப்பில் பேசும்போதே அடுத்த கட்டம் பற்றிச் சொன்னால் அங்கேயே கேளுங்கள்: “அது வீட்டில் செய்வதா, நேரலையா? சுமாராக எவ்வளவு நேரம் எதிர்பார்க்கிறார்கள்?” இந்த இரண்டு போதும். அழைப்பு முடிந்ததும் “நீங்கள் சொன்னபடி, வீட்டில் செய்வது, சுமார் 3 மணி நேரம் என்று குறித்துக்கொண்டேன்” என்று ஒரு வரி மெயில் போட்டுவிடுங்கள். வாயால் சொன்னதைச் சொன்னவரே மறந்துவிடுவதுண்டு.

முதல் நாள் இரவு கேட்பதில் பயனில்லை. ரெக்ரூட்டர் மேலாளரைக் கேட்டு, மேலாளர் பதில் போட்டு, அது உங்களுக்குத் திரும்பி வர இரண்டு வேலைநாளாவது பிடிக்கும்.

இன்னொன்று: கேள்விகளைச் சேர்த்து ஒரே மெயிலில் அனுப்புங்கள். திங்களன்று அளவு, செவ்வாயன்று வடிவம், புதனன்று கெடு என்று தவணை முறையில் கேட்டால்தான் தொந்தரவாகத் தெரியும்.

“ரெண்டு பக்கம் போதும், ரெண்டு மூணு மணி நேரம் ஆகும், வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்புங்க” என்று பதில் வந்துவிட்டது. இனிமேல் கேட்க ஒன்றும் இல்லையே?

கேட்டுத் தெளிய வேண்டியது மூன்று இடத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எழுத்தாளர் பணிக்கான ஆங்கிலத் தேர்வு என்று வைத்துக்கொள்வோம்.

“ரெண்டு பக்கம்” என்பது அளவே அல்ல. ஏ4 தாளில் 12 புள்ளி எழுத்தில், வரிகளை நெருக்கமாக வைத்தால் ஒரு பக்கத்தில் சுமார் 500 ஆங்கிலச் சொற்கள் பிடிக்கும். இரட்டை இடைவெளி விட்டால் 250-தான். ஆக இரண்டு பக்கம் என்பது 500 சொல்லாகவும் இருக்கலாம், 1,000 சொல்லாகவும் இருக்கலாம். 500 சொல்லில் ஒரு கருத்தை மட்டுமே நிறுவ முடியும். 1,000 சொல்லில் மாற்றுக் கருத்துக்கும் இடம் உண்டு. எழுதப்போகும் கட்டுரையின் கட்டமைப்பே இதில்தான் முடிவாகிறது.

“ரெண்டு மூணு மணி நேரம்” என்பதில், கொடுக்கும் குறிப்பைப் படிக்கும் நேரமும் சேருமா என்பது தெரியவில்லை. தேர்வை அமைத்தவருக்கு அந்தப் பொருள் மனப்பாடம். அவர் கணக்குப் போடும்போது எழுதும் நேரத்தை மட்டும் எண்ணியிருக்க வாய்ப்பு அதிகம்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள” என்றால் வெள்ளி விடியும் முன்பா, வெள்ளி மாலையா, நள்ளிரவா? நிறுவனம் வேறு நாட்டில் இருந்தால் யாருடைய வெள்ளிக்கிழமை? சுருக்க எழுத்துகளையும் நம்ப வேண்டாம். IST என்பது இந்திய நேரத்துக்கும் இஸ்ரேல் நேரத்துக்கும் அயர்லாந்தின் கோடைக்கால நேரத்துக்கும் பொதுவான சுருக்கம். CST என்றால் சீனாவும் ஆகலாம், அமெரிக்காவின் நடுப்பகுதியும் ஆகலாம். நகரத்தின் பெயரைச் சொல்லி உறுதிப்படுத்துவதே பிழையில்லாத வழி.

இப்போது இரண்டாவது மெயில், இதுவே கடைசி மெயில்:

> தெளிவாகச் சொன்னதற்கு நன்றி. இரண்டு பக்கம் என்பதை, தலைப்பு நீங்கலாக 800 சொற்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் அலுவலகம் உள்ள பெங்களூரு நேரப்படி வெள்ளி மாலை 5 மணிக்குள் அனுப்பிவிடுவேன். இதில் மாற்றம் இருந்தால் மட்டும் தெரிவியுங்கள்.

இதில் கேள்விக்குறியே இல்லை என்பதைக் கவனியுங்கள். பதில் போடாவிட்டாலும் வேலை நடக்கும்.

பிறகு குறிப்பு வருகிறது: 12 பக்கத்தில் ஒரு புராடக்ட் விளக்கம், மூன்று வாடிக்கையாளர் உரையாடல்களின் எழுத்துவடிவம், “புதிய வசதியை அறிமுகப்படுத்தும் கட்டுரை எழுதுக” என்ற ஒரு வரி. இரண்டரை மணி நேரத்தை எடுத்துக்கொண்டால் 150 நிமிடம். படிக்க 40, சட்டகம் போட 20, எழுத 55, வெட்ட 20, பிழைதிருத்த 15. கூட்டினால் 150 சரியாக வருகிறது. எழுதுவதற்குக் கிடைப்பது முழு நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுத்தான் அதிகம். 55 நிமிடத்தில் 800 சொல் எழுதலாம், 1,400 சொல் எழுத முடியாது. எழுதினாலும் அதை 20 நிமிடத்தில் 800 ஆக வெட்ட முடியாது; வெட்டிய இடங்களில் இணைப்பு அறுந்து தொங்கும், பேனலில் இருப்பவர் அதைத்தான் முதலில் பார்ப்பார். அளவை முன்பே கேட்டதன் பலன் இங்கே கிடைக்கிறது: மூன்று வாடிக்கையாளரில் ஒருவரை மட்டும் எடுத்து, ஒரே பயன்பாட்டை விளக்கும் சட்டகத்தை முதல் மணி நேரத்திலேயே போட்டுவிடலாம்.

அனுப்பும்போது மெயிலில் ஒரு வரி சேருங்கள்: “ஒப்புக்கொண்டபடி 800 சொற்களுக்குள், சுமார் 2.5 மணி நேரத்தில் எழுதியது.” உண்மையான நேரத்தையே எழுதுங்கள். இன்னொரு போட்டியாளர் 1,500 சொல் அனுப்பியிருந்தால், உங்களுடையது ஏன் குறைவு என்பது இந்த ஒரு வரியில் விளங்கிவிடும்.

தேர்வைத் தமிழில் எழுத வேண்டும். அப்போதும் சொல் கணக்கு இதேதானா?

இல்லை. தமிழில் வேற்றுமை உருபும் காலமும் எதிர்மறையும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் நான்கைந்து சொல்லாகப் பிரிந்து நிற்பது தமிழில் “வரவில்லையென்றால்” என்று ஒரே சொல்லாகிவிடும். அதே செய்தியைச் சொல்லத் தமிழில் சொற்கள் குறைவாகவும், ஒவ்வொரு சொல்லும் நீளமாகவும் இருக்கும். ஆங்கிலத் தேர்வுக்கு வைத்த 800 என்ற வரம்பை அப்படியே தமிழ்த் தேர்வுக்கும் நகலெடுத்திருந்தால், நீங்கள் எழுத வேண்டிய உள்ளடக்கம் கணிசமாகக் கூடிவிடுகிறது. பக்கத்தில் சொன்னாலும் இதேதான்: 12 புள்ளியில் நெருக்கமாக எழுதிய தமிழ்ப் பக்கத்தில் 300 சொல்லை ஒட்டித்தான் வரும், எழுத்துருவைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும்.

எனவே “இந்த வரம்பு தமிழ்ச் சொற்களுக்கா, ஆங்கில மூலத்துக்கா?” என்று கேளுங்கள். மொழிபெயர்ப்புத் தேர்வில் இந்தக் கேள்வி கட்டாயம். அங்கே வழக்கமாக மூலத்தின் சொற்களைத்தான் எண்ணுவார்கள். அடிக்குறிப்பும் மேற்கோளும் கணக்கில் சேருமா என்பதையும் கூடவே கேட்டுவிடலாம். வேர்டு மென்பொருளில் அடிக்குறிப்பைச் சேர்த்தும் விட்டும் எண்ணும் வசதி இருப்பதால், ஒரே கோப்புக்கு இரண்டு எண்ணிக்கை காட்ட முடியும்.

பிடிஎஃப் அனுப்புவதா, கூகுள் டாக்ஸ் லிங்க் அனுப்புவதா? இதைக்கூடக் கேட்க வேண்டுமா?

கேளுங்கள். எழுத்துத் தேர்வில் பேனலினர் ஓரத்தில் கருத்து எழுதித் திருத்துவார்கள் என்றால் அவர்களுக்கு .docx அல்லது லிங்க் வேண்டும். படித்துவிட்டு மதிப்பெண் போடுவது மட்டும் என்றால் பிடிஎஃப் நல்லது. தமிழ் எழுத்துரு உடையாமல் போய்ச் சேரும்.

லிங்க் என்று சொன்னால் இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். திருத்தும் உரிமையோடு பகிர்ந்தால், நீங்கள் எழுதி அழித்ததெல்லாம் பதிப்பு வரலாற்றில் அவர்களுக்குத் தெரியும். முடித்த கட்டுரையைப் புதிய கோப்பில் நகலெடுத்து, அந்த நகலைப் பகிருங்கள். அடுத்தது, அனுமதி. உங்களுக்குத் திறக்கும் லிங்க் அவர்களுக்கு “அனுமதி கோருக” என்று காட்டலாம். கெடு முடிந்து அரை நாள் கழித்து அந்தக் கோரிக்கை உங்கள் மெயிலுக்கு வரும்போது ஒன்றும் செய்ய முடியாது. பிரவுசரின் மறைநிலைச் சாளரத்தில், உங்கள் கணக்கில் நுழையாமல், ஒருமுறை திறந்து பாருங்கள். நிறுவனத்துக்குள் வெளி லிங்குகளைத் தடுத்திருப்பதும் உண்டு. அதனால் லிங்க் அனுப்பினாலும் கூடவே பிடிஎஃப் ஒன்றை இணைத்துவிடுவது பாதுகாப்பு.

அவர்களே தரும் ஆவணத்தில் நேரடியாக எழுதச் சொன்னால், எழுதும் விதத்தையும் பார்க்க விரும்புகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். அங்கே நகல் வேலைக்கு ஆகாது.

தேர்வு லிங்க் ஏற்கெனவே மெயிலில் வந்துவிட்டது. திறந்து பார்த்துவிட்டுக் கேட்கலாமா?

திறக்காதீர்கள். ஆன்லைன் தேர்வுத் தளங்களில் லிங்கைத் திறந்த உடனோ, “தொடங்கு” பொத்தானைத் தட்டியதுமோ கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடலாம். பல தளங்களில் நடுவில் நிறுத்திவைக்க முடியாது. இணைப்பு அறுந்தாலும் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். முதலில் இந்த நான்கையும் கேளுங்கள்: மொத்தம் எத்தனை நிமிடம், இடையில் நிறுத்தலாமா, வேறு கோப்பிலிருந்து ஒட்ட முடியுமா, வேறு தாவலுக்குப் போய்த் தகவல் தேடலாமா.

கடைசிக் கேள்வியை அசட்டையாக விட வேண்டாம். தாவல் மாறுவதைப் பதிவு செய்யும் தளங்கள் உண்டு. ஒரு புள்ளிவிவரத்தைச் சரிபார்க்கப் போனதுகூட விதிமீறல் என்று குறிக்கப்படலாம். அனுமதி உண்டு என்று எழுத்தில் வாங்கிவைத்தால் பிறகு விளக்கம் சொல்லும் நிலை வராது.

பேனல் முன்பு விளக்க வேண்டும் என்கிறார்கள். எத்தனை ஸ்லைடு என்று கேட்பதா?

ஸ்லைடைவிட நிமிடத்தைக் கேளுங்கள். “45 நிமிடம்” என்றால் அதில் நான் பேசுவது எவ்வளவு, கேள்விக்கு எவ்வளவு? அறிமுகத்துக்கு 5, கேள்விகளுக்கு 20 போனால் உங்கள் கையில் 20 நிமிடம்தான். ஸ்லைடு ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால் 10 ஸ்லைடு. 45 நிமிடமும் தனக்கே என்று நினைத்து 22 ஸ்லைடு செய்துவந்தவர், பரிந்துரைக்கு வரும் முன்பே நிறுத்தப்படுவார். அங்கே மதிப்பெண் போவது அறிவுக் குறைவால் அல்ல, அந்த ஒரு கேள்வியைக் கேட்காததால்.

ஸ்லைடுகளை முன்கூட்டியே அனுப்ப வேண்டுமா என்பதும் முக்கியம். முன்பே படித்துவிட்டு வருவார்கள் என்றால் ஸ்லைடு தானாகவே விளங்கும்படி முழு வாக்கியங்களோடு இருக்க வேண்டும். அன்றுதான் பார்ப்பார்கள் என்றால் சொற்களைக் குறைத்து, பேச்சில் நிரப்ப வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றைச் செய்தால் இரண்டுக்கும் ஆகாது.

“உங்க இஷ்டம், எவ்வளவு வேணாலும் எழுதலாம்” என்கிறார். சிலர் பதிலே போடுவதில்லை. என்ன செய்வது?

“உங்க இஷ்டம்” என்றால் இரண்டில் ஒன்று: ரெக்ரூட்டருக்கு உண்மையிலேயே தெரியவில்லை, அல்லது எதை விடுவது என்று முடிவெடுக்கும் திறமையையே சோதிக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே மருந்துதான். கேள்வியை வேறு பக்கத்திலிருந்து கேளுங்கள்: “இதைப் படிக்கக் குழுவினர் எத்தனை நிமிடம் ஒதுக்குவார்கள்?” எவ்வளவு எழுதலாம் என்பதற்குப் பதில் தெரியாதவருக்கும் இதற்குப் பதில் தெரிந்திருக்கும். 5 நிமிடம் என்றால் சுமார் 1,000 ஆங்கிலச் சொல், அதுவே உச்சவரம்பு.

பதிலே வராவிட்டால் இரண்டு வேலைநாள் பொறுத்து, அதே மெயிலுக்குக் கீழேயே ஒரு வரி எழுதுங்கள்: “800 சொற்கள், பிடிஎஃப் என்ற கணக்கில் தொடங்குகிறேன், மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்.” மூன்றாவது முறை துரத்த வேண்டாம். நேர்காணல் செய்பவரைத் தேடிப்பிடித்து வேறு தளத்தில் செய்தி அனுப்புவதும் வேண்டாம். ரெக்ரூட்டரைத் தாண்டிப் போனதாகத்தான் அது தெரியும். அனுப்பும் கட்டுரையின் தலையில் இரண்டு வரியில் அனுமானங்களைக் குறித்துவிடுங்கள்: எந்த வாசகர், எந்த அளவு, எதை வேண்டுமென்றே விட்டீர்கள்.

எதைக் கேட்கக் கூடாது?

கேள்வி என்ன வரும், போன முறை என்ன கேட்டார்கள், மற்றவர்கள் எப்படி எழுதினார்கள் என்பவை வேண்டாம். “எதை வைத்து மதிப்பிடுவார்கள்?” என்பது எல்லைக்கு இந்தப் பக்கம்தான், தெளிவு, வாதம், மொழிநடை இவற்றில் எதற்கு முதலிடம் என்று தாராளமாகக் கேட்கலாம். அறிவிப்பு மெயிலிலேயே இருக்கும் விவரத்தைக் கேட்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். அனுப்பும் முன் அந்த மெயிலையும் இணைப்புகளையும் ஒருமுறை கடைசிவரை படித்துவிடுங்கள்.

சொன்னதோ 2 மணி நேரம். குறிப்பைத் திறந்தால் 2 நாள் வேலை. மறுக்கலாமா?

மறுக்கும் முன் அளவைச் சுருக்கிக் கேளுங்கள். “குறிப்பில் ஐந்து பகுதிகள் உள்ளன. ஒப்புக்கொண்ட 2 மணி நேரத்தில் முதல் இரண்டை ஆழமாகவும், மற்ற மூன்றை ஒரு பத்திக் குறிப்பாகவும் தர முடியும். இது பொருந்துமா, அல்லது வேறு இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா?” முன்பே நேரத்தைக் கேட்டு எழுத்தில் வாங்கியவர்தான் இப்படிக் கேட்க முடியும். பல சமயம் இதில் கெட்ட எண்ணம் இருக்காது; பழைய குறிப்பில் ஒவ்வொருவரும் ஒரு பகுதியைச் சேர்த்துச் சேர்த்து அது வீங்கியிருக்கும்.

ஆனால் சில அடையாளங்கள் தென்பட்டால் நிதானியுங்கள். கற்பனைச் சூழலுக்குப் பதில் அவர்களின் இந்த மாதப் பிரசாரத்தையே எழுதச் சொல்வது, ஒரு மாதிரிக்குப் பதில் பத்துக் கட்டுரை கேட்பது, வடிவத்தைக் கேட்டால் “நேரடியாக வெளியிடும் நிலையில் வேண்டும்” என்பது. அப்போது “இதை வெளியிடும் எண்ணம் உண்டா? உண்டென்றால் கட்டணம், உரிமை எப்படி?” என்று நேராகக் கேளுங்கள். சோதனைக்கு மட்டும் என்றால் ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள். பதில் மழுப்பலாக வந்தால், அதுவரை வெளியான உங்கள் மாதிரிகளை அனுப்பி அவற்றை வைத்து மதிப்பிட முடியுமா என்று கேட்கலாம்.

எனக்குப் பார்வைக் குறைபாடு இருக்கிறது, திரைவாசிப்பான் பயன்படுத்துகிறேன். கூடுதல் நேரம் தேவை என்பதை எப்போது சொல்வது?

அளவும் வடிவமும் கேட்கும் அதே மெயிலில். முதலில் வடிவம் தெரிந்தால்தான் எவ்வளவு கூடுதல் நேரம் தேவை என்று கணக்கிட முடியும். தரவு படமாக ஒட்டப்பட்ட பிடிஎஃப் ஆக வந்தால் திரைவாசிப்பானால் அதை நேரடியாகப் படிக்க முடியாது. எக்செல் கோப்பாகத் தந்தால் கூடுதல் நேரமே தேவைப்படாமல் போகலாம். எனவே நோயின் பெயரையோ மருத்துவ வரலாற்றையோ எழுதாமல், தேவையை மட்டும் எழுதுங்கள்: “நான் திரைவாசிப்பான் பயன்படுத்துகிறேன். குறிப்பும் தரவும் தட்டச்சு வடிவில், படமாக அல்லாமல், வேண்டும். நேர வரம்புள்ள தேர்வு என்றால் 60 நிமிடத்துக்கு 90 நிமிடம் தேவைப்படும்.” நேர வரம்பைத் தளத்தில் மாற்றுவது ரெக்ரூட்டர் கையில் இல்லாமல் இருக்கலாம். அதனால் லிங்க் வருவதற்கு முன்பே இதைச் சொல்லி, மாற்றிவிட்டதாக உறுதி வந்த பிறகே தேர்வைத் திறங்கள்.